சம்மதக் கடிதத்தில் மூன்றாவது கட்டம்

கடிதத்தை முதலில் என் அம்மாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என் கடிதம் போகப்போகிற வீடுகளில் பாதிக்கு மேல் அவளைப் போன்றவர்கள்தான் இருந்தார்கள். அதனால் அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று ஒரு கணக்கு.

"இன்னாது இது, கல்யாணப் பத்திரிகையா?" என்றாள்.

"பள்ளிக்கூடத்தில புள்ளைங்களுக்கு ஊசி போடப் போறாங்கம்மா. பெத்தவங்க சம்மதம் வேணும். அதுக்கு லெட்டர்."

"உனக்கெல்லாம் என் சம்மதத்தக் கேட்டா போட்டாங்க? கையப் புடிச்சி இழுத்துக் குத்திட்டுப் போனாங்க."

அது சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆடி பிறந்த சமயம். நெல்லித்தோப்பில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம்தான். டவுனுக்கு மேற்கே எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தடுப்பூசி போட வருகிறோம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கை வந்திருந்தது. முந்தின வருஷம் இதே ஊசிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒரு தகப்பனார் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். அதனால் இந்தத் தடவை எழுதிக் கேட்டுவிடலாம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். அவரைப் பெரிய டீச்சர் என்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கரும்பலகையைக் கடைசிவரை 'தப்லோ' என்றே சொன்னவர். "எனக்குத் தமிழ்ல இதெல்லாம் வராதுப்பா. நீதான் எழுத்து எழுத்துன்னு திரியற. நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கட்டியதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

எழுத உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. இந்தக் கடிதத்தைப் படிக்கப்போவது பெற்றவர்கள் இல்லை, பிள்ளைகள். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, பத்து வயதுக் குரல் ஒன்று வாய்விட்டுப் படிக்கும். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். மூச்சு வாங்காமல் அந்தக் குரலால் சொல்ல முடிகிற நீளத்தில்தான் என் வாக்கியம் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் படித்தேன். "உங்கள் பிள்ளைக்கு ரணஜன்னி வராமல் இருக்க ஊசி போடுகிறோம். இது புண் வழியாக வரும் நோய். வந்தால் தாடை பூட்டிக்கொள்ளும். உடம்பு வில்லாக வளையும். உயிர் பிழைப்பது கஷ்டம். ஆனால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். முள் குத்தினாலும், துருப்பிடித்த ஆணி ஏறினாலும், கண்ணாடி கிழித்தாலும், செடல் குத்தினாலும் பயமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்."

"செடல இன்னாத்துக்கு இழுக்கற?" என்றாள் அம்மா.

"ஆடி மாசமாச்சே. பாதிப் புள்ளைங்க காப்பு கட்டியிருக்கும். அதுவும் புண்ணுதானேம்மா."

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் எலுமிச்சம்பழம் கோத்த கொக்கி ஊசிகளை முதுகிலும் நெஞ்சிலும் வரிசையாகக் குத்திக்கொண்டு வருவதைத்தான் எங்கள் பக்கத்தில் செடல் என்பது. பெரியவர்களுக்கு நிறைய, பிள்ளைகளுக்குக் கையில் நாலைந்து சின்ன ஊசி. அதை எழுதினது புத்திசாலித்தனம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அடுத்த பத்தி: "ஊசி போட்ட இடம் வலிக்கும். சிவந்து வீங்கலாம். லேசாகக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். பத்து எதுவும் போட வேண்டாம். ஈரத்துணி வைத்தால் போதும். சில பிள்ளைகள் பயத்தில் மயங்கி விழுவார்கள். அதனால் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். மிக மிக அபூர்வமாக யாருக்காவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அரைமணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே உட்கார வைப்போம். இதற்கு முன் எந்த ஊசிக்காவது உங்கள் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போயிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட மாட்டோம்."

"காய்ச்சல் வரும்னு நீயே எழுதிக் குடுத்தா எவ ஒத்துக்குவா?" என்றாள் அம்மா. "சந்தையில மாட்ட விக்கறவன் மாடு முட்டும்னு சொல்லுவானா?"

பெரிய டீச்சரும் மறுநாள் அதையேதான் சொன்னார், மாடு இல்லாமல். "மேல இருக்கிறது நல்லா இருக்கு. கீழ காய்ச்சல், மயக்கம், வீக்கம்னு ஒரு பாராவே பயமுறுத்துது. எடுத்துடு."

சுகாதார நிலையத்து சிஸ்டர் அப்போது பள்ளியில் இருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ள வந்தவர், ஆபீஸ் நாற்காலியில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருக்கட்டும் டீச்சர்," என்றார். "சொல்லாம போட்டு காய்ச்சல் வந்தா ராத்திரியோட ராத்திரியா என் வீட்டுக் கதவத் தட்டுவாங்க. நான் ஒரு நாளாவது தூங்கணும்."

சிஸ்டரின் தூக்கத்துக்காகவே அந்தப் பத்தி பிழைத்தது. கீழே இரண்டு கட்டம் போட்டேன்: சம்மதம், சம்மதமில்லை. கையெழுத்து அல்லது கைநாட்டு. ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் வகுப்பில் எல்லோரையும் ஒரு தடவை சத்தமாகப் படிக்க வைத்தேன். 'தாடை பூட்டிக்கொள்ளும்' வந்தபோது பையன்கள் எல்லோரும் வாயைப் பூட்டிக் காட்டினார்கள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க யாராவது கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றால் "சார், அவனுக்கு ரணஜன்னி சார்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

காகிதங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் கைநாட்டு கட்டத்தைத் தாண்டி என் வாக்கியத்தின் மேலேயே விழுந்திருந்தது. ஒரு தகப்பனார் 'சம்மதம்' கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் "நல்லா வலிக்கிற மாதிரி போடவும்" என்று எழுதியிருந்தார். அவர் பையனைத் தெரிந்த யாருக்கும் அதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் டீக்கடையில் விஷயம் வேறாக இருந்தது. காலையில் சைக்கிளை நிறுத்தினபோது பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்: "சார், அம்மன் ஊசியில நோய் வருதுன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"அப்படி எழுதலியே. புண்ணுல வரும்னுதான்..."

"செடல் குத்திச் செத்தவன் எவனாச்சும் உண்டா இந்த ஊர்ல? காலங்காலமா குத்தறோம். சாருக்கு மீசை மொளைச்சது இப்பதான்."

பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். டீயைப் பாதியில் வைத்தேன். முள்ளையும் ஆணியையும் மட்டும் எழுதியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது என்று தெரிந்தது. காப்பு கட்டிய வீட்டுப் பிள்ளைகளின் காகிதங்கள்தான் வராமல் இருந்தன. நான் வாசல் வாசலாகப் போய், ஆத்தாவைப் பற்றி ஒன்றும் குறைவாகச் சொல்லவில்லை என்று விளக்கினேன். அநேகம் பேர் கேலி பண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் வராமல் நின்றது ஒரே ஒரு காகிதம். எங்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிற ஒரு பெண்ணுடையது.

மெலிந்த பெண். இரண்டு பின்னலையும் மடித்துக் கட்டியிருப்பாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு. "லெட்டர் எங்கம்மா?" என்று கேட்டால், "அம்மா தினம் என்னப் படிக்கச் சொல்லுது சார். படிச்சதும் வாங்கி வெச்சிக்குது" என்றாள்.

"தினமுமா?"

"தினமும்."

அந்த அம்மா ஒரு மத்தியானம் தானே வந்தாள். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

"சார், இதுல ஒரு எடத்துல, முன்ன ஊசி போட்டு முடியாம போயிருந்தா வந்து சொல்லுங்கன்னு இருக்கு."

"ஆமாங்க்கா."

"அதான் வந்தேன்."

நல்லவேளை, அன்றைக்கு சிஸ்டர் பள்ளியில் இருந்தார். வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். பெண்ணுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்டார்களாம். போட்டவர்கள் போ என்றார்கள், போய்விட்டாள். ராத்திரி உடம்பு கொதித்தது. எதனால் கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பயந்து கம்பளி போட்டு மூடினாள். குழந்தைக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோ கிடைக்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓடினாளாம்.

"ஓடறப்பதான் வேண்டிக்கிட்டேன். ஆத்தா, புள்ளயக் குடுத்துடு, பத்து வயசில உனக்குச் செடல் போடறேன்னு. குடுத்துட்டா. அதுக்கப்புறம் எந்த ஊசிக்கும் நான் தூக்கிட்டுப் போவல. அஞ்சு வயசில கூப்புட்டாங்க, ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன்."

"கார்டு இருக்கா?" என்றார் சிஸ்டர்.

"மழையில போச்சு."

சிஸ்டர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் திடீரென்று ஏறினால் சிலருக்கு அப்படி இழுப்பது உண்டு, பத்து வயதில் அது அநேகமாக வராது என்றார். அன்றைக்குப் போட்டது மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடுகிற ஊசி, இது ரணஜன்னிக்கு மட்டும் என்றார். "ஆனா இங்க பள்ளிக்கூடத்தில வேணாம். எங்க சென்டருக்குக் கூட்டிட்டு வா. டாக்டரம்மா பாத்துட்டுச் சொல்லுவாங்க. கார்டு இல்லாததால போடாத மாதிரிதான் கணக்கு. ஒண்ணு போட்டு, மாசம் கழிச்சி இன்னொண்ணு போடணும்."

"இந்த வாரமே போயிடுங்கக்கா," என்றேன் நான். "செடலுக்கு முன்னால."

அவள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது ஆவாது சார். காப்பு கட்டியாச்சு. ஆத்தா ஊசிக்கு முன்னால வேற ஊசி ஏறக்கூடாது."

"அக்கா, நாலஞ்சு எடத்துல குத்தப் போறாங்க. அதே கொக்கி ஊசியைத்தான் வருஷா வருஷம்..."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும்..."

"அவ குடுத்த புள்ள சார் இது."

என்னிடம் சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. படித்ததெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் மடியில் கிடந்த காகிதத்தில் நானே ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டாவது கட்டம் தெரிந்தது. சம்மதமில்லை. அதை ஓர் அழகுக்காகத்தான் போட்டிருந்தேனோ என்று தோன்றியது. அந்தக் கட்டத்தில் யாராவது டிக் போடக்கூடும் என்று நினைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருப்பேன்.

"இப்ப குத்தினாலும் ஒரு ஊசியில முழுப் பாதுகாப்பு வந்துடாது," என்றார் சிஸ்டர், என்னிடமா அவளிடமா என்று தெரியாத குரலில். "ரெண்டாவது போட்டாதான் நல்லா ஏறும். முன்னாடி போட்டா நல்லதுதான். பின்னாடி போட்டாலும் நல்லதுதான். போடாம வுடறதுதான் தப்பு."

"வுட மாட்டேன் சிஸ்டர். ஆனா பயமா இருக்கு," என்றாள் அந்த அம்மா. பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "சார், இதுல சம்மதம்னு போட்டா நாளைக்கே போட்டுடுவீங்க. இல்லன்னு போட்டா அப்புறம் கூப்பிட மாட்டீங்க. நான் எதுல போடறது?"

நான் பேனாவை எடுத்து, இரண்டு கட்டத்துக்கும் கீழே இன்னொரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் "காப்பு அவிழ்த்த பிறகு" என்று எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, கோடு கட்டத்தை விட்டு வெளியே போகாமல் மெதுவாக ஒரு டிக் போட்டாள். கையெழுத்து இடத்தில் பெயரின் முதல் எழுத்து மட்டும். மகள் சொல்லிக்கொடுத்ததாம்.

கடிதத்தைப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் போகாமல் நின்றாள். "இன்னொண்ணு இருக்குமா சார்? படிக்கறதுக்கு." ஒரு நகல் கொடுத்தேன்.

ஊசி போடுகிற நாள் வந்தது. காலையில் பள்ளியில் தருகிற ரொட்டியையும் பாலையும் கொடுக்கும்போதே, ஒருவரும் மிச்சம் வைக்கக்கூடாது என்று பெரிய டீச்சர் தட்டு தட்டாகப் பார்த்தார். சிஸ்டர் ஐஸ் வைத்த நீலப் பெட்டியோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் உறை பிரித்துப் புது ஊசி, மேல்கையில் குத்தி, உடனே ஊசி முனையை வெட்டுகிற சின்ன மிஷினுக்குள். குத்தினவர்கள் வராந்தா நிழலில் அரைமணி நேரம் உட்கார வேண்டும். "நல்லா வலிக்கிற மாதிரி" என்று அப்பா எழுதிக் கொடுத்த பையன்தான் மயங்கி விழுந்தான், குத்துவதற்கு முன்னாலேயே. கால்களைத் தூக்கிவைத்துப் படுக்க வைத்தோம். கண் திறந்ததும், "போட்டாச்சா சார்?" என்றான். "இன்னும் இல்லடா" என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு படுத்தபடியே போட்டுக்கொண்டான்.

அந்தப் பெண் வரிசையில் இல்லை. குத்திக்கொள்ளப் போகிறவர்களின் பைகளை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கையைத் தேய்க்காமல் பிடித்துக்கொண்டு வந்து, "நீ பயந்தாங்கொள்ளி. அதான் போட்டுக்கல" என்றாள்.

"உனக்கு ஒண்ணுதான். எனக்கு நாலு செடல், அப்புறம் ரெண்டு ஊசி. மொத்தம் ஆறு," என்றாள் இவள். கேட்டவள் தன் பையை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனாள்.

செடல் அன்று வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பழைய கொக்கிகளை நினைத்துக்கொண்டிருப்பதைவிட, வந்து பார்ப்பதே மேல் என்று தோன்றியது. கோயில் வாசலில் பம்பையும் உடுக்கையும். ஈரச் சேலையோடு பெண்கள், மஞ்சள் தண்ணீரில் நனைந்த பிள்ளைகள். செடல் குத்துகிறவர் தன் முன்னால் ஒரு தாம்பாளத்தில் கொக்கி ஊசிகளைக் கொட்டி வைத்திருந்தார். ஒருவருக்கு எடுத்ததை விபூதியில் தோய்த்து அடுத்தவருக்கு.

அந்தப் பெண்ணின் முறை வந்தது. மஞ்சள் பாவாடை, தலையில் வேப்பிலை. செடல்காரர் தாம்பாளத்தில் கை வைத்தபோது அவள் அம்மா குறுக்கே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள்.

"இன்னா இது?"

"ஊசிங்க. புதுசு. காலையில கொதிக்க வெச்சி எடுத்தாந்திருக்கேன்."

"ஆத்தா ஊசிக்கே சோதனையா?" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். டீக்கடை பெஞ்சுக்காரரும் இருந்தார். அவர் பார்வை கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "வருஷா வருஷம் ஆத்தாவுக்குப் புதுப் பொடவைதான சாத்தறோம். பழச எடுத்து அலசியா கட்டறோம்? என் வேண்டுதலுக்குப் புது ஊசி வாங்கியிருக்கேன். குத்துங்க."

செடல்காரர் சற்று நேரம் டப்பாவைப் பார்த்தார். பிறகு, "கைய நல்லாக் கழுவிட்டு வரேன், இரு. இல்லன்னா அதுக்கும் ஒண்ணு சொல்லுவ," என்று எழுந்து போனார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் திரும்பி வருவதற்குள், வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி இவளிடம் குனிந்து, "டப்பாவுல மிச்சம் இருக்குதாக்கா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

'ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி.' சிரிஞ்சை நினைத்து நான் எழுதிய வாக்கியம். அது காலையில் ஒரு வீட்டு அடுப்பில் கொதித்து, சாயங்காலம் கோயில் வாசலுக்கு வந்திருந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலு எலுமிச்சம்பழமும் கையில் ஆடின. என்னைப் பார்த்ததும், பிடித்தமான கணக்கை முடித்த மாதிரி விரலைக் காட்டினாள்: நாலு.

காப்பு அவிழ்த்தார்கள். அதற்கடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். வருவாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எட்டு வருஷத்துப் பயம் ஒரு டிக்கில் போய்விடுமா. மத்தியான இடைவேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கைக்குழந்தைகளின் அழுகைக்கு நடுவில், பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு, செடல் குத்தின இடங்களையும் பார்த்து, போடலாம் என்று சொல்லியிருந்தார். போட்டும் ஆகிவிட்டது. அரைமணி நேரம் முடியக் காத்திருந்தார்கள். அம்மாவின் கை மகளின் நெற்றியைவிட்டு எடுபடவே இல்லை.

"இன்னும் சுடலியே சார்," என்றாள், சுடாததுதான் கவலை போல.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை.

முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை அந்தக் காலி இடம் என் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. பின்னக் கணக்கைக் கரும்பலகையில் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். கண் செருகியதும் கைகால் வெட்டியதும் நான் பார்க்காத காட்சிகள்தான். ஆனாலும் பார்த்த மாதிரி இருந்தது. மணி அடித்ததும் அவர்கள் சந்துக்குப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. பெண் பாயில் சாய்ந்து உட்கார்ந்து ரசம்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையை மடியில் பத்திரமாக வைத்தபடி. அம்மா பக்கத்தில். அன்றைக்குக் கம்பெனிக்குப் போகவில்லை. சுவரில், காலண்டருக்குக் கீழே, நான் கொடுத்த நகல் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது.

"வாங்க சார். காய்ச்சல் வந்துது," என்றாள். நான் பெண்ணின் கண்களைப் பார்த்தேன். அவளோ, விருந்தாளி வந்துபோனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நேத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துது. கை வீங்கிச்சு. ஒடம்பு வலிக்குதுன்னு சொல்லிச்சு. நான் மூடல சார். ஜன்னலத் தொறந்து வுட்டு, ஈரத்துணி வெச்சேன். சிஸ்டர் குடுத்த மாத்திரையக் குடுத்தேன். காலையில விட்டுடுச்சு."

"ராத்திரி பூரா முழிச்சிருந்தீங்களா?"

"தூங்கினேன் சார். இதான் ராத்திரி முழுக்க என்னை முழிச்சிப் பாத்துது," என்று மகளைக் காட்டினாள். "அம்மா, அடுத்தது இன்னா வரும், படிக்கவா, படிக்கவான்னு."

பெண் சோற்றை விழுங்கிவிட்டு, சுவரைப் பார்க்காமலேயே ஒப்பித்தாள்: "ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும்."

நான் உட்கார்ந்தேன். அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவள் சுவரிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"இதுல எழுதியிருந்ததுதான் சார் வந்துது. எழுதாதது ஒண்ணும் வரல. அன்னிக்கும் காய்ச்சல்தான் வந்திருக்கு. வரும்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் கம்பளியப் போட்டு மூடியிருக்க மாட்டேன்."

நீக்கச் சொன்ன பத்தியை நினைத்துக்கொண்டேன். மாடு முட்டும் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம் சொன்னேன். "முட்டாத மாடு எங்க இருக்கு?" என்றாள் அவள், ஏதோ அதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் மாதிரி.

அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். வீங்கின கையை என்னிடம் காட்டி, இன்னும் லேசாகச் சூடாக இருந்த இடத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னாள். தொட்டேன்.

"அஞ்சு முடிஞ்சுது சார்," என்றாள். "இன்னும் ஒண்ணு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சார், அடுத்த மாச ஊசிக்கும் இதே மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. இது கிழிஞ்சிடும் போல இருக்கு."